ஒரு நைட் டூட்டியின் கணக்கு: 40 செவிலியர், 90 நிமிடப் பயிற்சி, மாதம் ₹51,660

காலை 6 மணிக்கு எழுந்து, சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலில் கொஞ்சமும் கண் அயராமல் இரவு 8 மணிக்கு முதல் நைட் டூட்டிக்கு வருகிறார் ஒரு செவிலியர். அவர் விழித்திருக்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். இரவு 11 மணிக்கு 17 மணி நேரம் ஆகிவிடும். மறுநாள் காலை 6 மணிக்கு 24. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும் 8 மணிக்கு 26.

1997இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு விதித்திருக்கும் வரம்பு 0.03 சதவீதம்தான். அந்த 24ஆவது மணியில்தான் வார்டில் வேலை உச்சத்தில் இருக்கிறது: வெறும் வயிற்று ரத்த மாதிரி, வைட்டல்ஸ், இன்சுலின், யூரின் அளவு, கேஸ் ஷீட், ஹேண்ட்ஓவருக்கான தயாரிப்பு.

நைட் டூட்டி செவிலியருக்கான நலப் பயிற்சி என்றால் பல இடங்களில் மூச்சுப் பயிற்சியும் ‘மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற பேச்சுமாக முடிந்துவிடுகிறது. தூக்கம் மணிக்கணக்கில் குறைகிறது, அதை மணிக்கணக்கிலேயே ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டுவதற்கு ஆளும் பணமும் வேண்டும். எவ்வளவு ஆள், எவ்வளவு பணம் என்று ஒரு மாதிரி மருத்துவமனையை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

நான்கு வார்டுகள், வார்டுக்கு 30 படுக்கை. சுழற்சியில் வரும் செவிலியர் 40 பேர். இரவில் வார்டுக்கு 2 பேர் வீதம் 8 பேர். டூட்டி இரவு 8 முதல் காலை 8 வரை. மாதச் சம்பளம் ₹20,000 என்று வைத்து, 26 நாள், நாளுக்கு 8 மணி என 208ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ₹96 வருகிறது. தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் இதைவிடக் குறைவு, அரசு நிரந்தரப் பணியில் இதைவிட அதிகம். உங்கள் இடத்துத் தொகையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். கீழே வரும் விலைகளும் அப்படியே, கணக்குப் போடுவதற்காக எடுத்துக்கொண்டவை.

பயிற்சியை எப்போது வைப்பது என்பதே முதல் கேள்வி. நைட் முடித்த கையோடு காலை 8.15க்கு வைத்தால் ஆள் சேர்ப்பது சுலபம், அதனால்தான் பெரும்பாலும் அப்போது வைக்கிறார்கள். அது அவர்களுடைய தூக்கத்திலிருந்து 90 நிமிடத்தைப் பிடுங்கி எடுப்பது. போதாக்குறைக்கு, கேட்டது எதுவும் அந்த நேரத்தில் மனதில் நிற்காது. காலை, மதிய ஷிஃப்ட்டுகள் ஒன்றோடொன்று சேரும் பிற்பகல் 1.30 மணிக்கு, அந்த வாரம் பகல் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் வைக்க வேண்டும். 10 பேர் வீதம் 4 குழு, நான்கு வாரம். 40 பேருக்கு 90 நிமிடம் என்றால் 60 மணி நேரம், அதாவது ₹5,760. இது டூட்டி நேரமாகவே எழுதப்பட வேண்டும்.

90 நிமிடத்தில் 40 நிமிடம் தூக்கத்துக்கு. ஒவ்வொருவரும் ஒரு தாளில் தன்னுடைய கடைசி நைட் சுற்றின் 24 மணி நேரக் கோட்டை வரைந்து, தூங்கிய பகுதியை மட்டும் தீட்ட வேண்டும். இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள ஒருவரின் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும். 8 மணிக்கு முடிய வேண்டிய டூட்டி ஹேண்ட்ஓவரில் இழுத்து 8.30. பஸ் பிடித்து வீடு சேர 9.30. குளித்து, துணி ஊறவைத்து, சாப்பிட்டுப் படுக்கும்போது 10.30. பிற்பகல் 3 மணிக்குப் பிள்ளைகளை அழைத்துவர எழுந்தாக வேண்டும். ஆக நாலரை மணி நேரம், அதிலும் காலிங் பெல், கேஸ் சிலிண்டர், மாமியாரின் மருந்து கேட்கும் குரல். உடம்புக்குத் தேவை 7 மணி என்று வைத்தால் நாளுக்கு இரண்டரை மணி நேரம் குறை. மூன்று நைட் தொடர்ந்தால் ஏழரை மணி நேரம், அதாவது ஒரு முழு இரவுத் தூக்கம் காணாமல் போயிருக்கிறது. சில இடங்களில் ஒரு வாரம் தொடர் நைட் போடுகிறார்கள். அங்கே இதே கணக்கு பதினேழரை மணி நேரத்தில் வந்து நிற்கும்.

பகல் தூக்கம் குறைவதற்குச் சோம்பலோ கவனக்குறைவோ காரணமில்லை. உடலின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. உடல் வெப்பநிலை அதிகாலை 4, 5 மணி வாக்கில் மிகக் கீழே இறங்கி, காலையில் ஏறத் தொடங்குகிறது. ஏறுகிற நேரத்தில் படுத்தால் தூக்கம் ஆழமாகவும் இராது, நீளமாகவும் இராது. இரண்டு மூன்று நைட்டில் அந்தக் கடிகாரம் திரும்பிவிடவும் போவதில்லை. அதனால் ஒரே மூச்சில் 7 மணி நேரம் தூங்கு என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. இரண்டு துண்டாகப் பிரித்துத் தூங்குவதே நடக்கக்கூடியது.

மேலே சொன்ன அதே செவிலியரின் தாளையே திருத்துவோம். டூட்டி முடிவதற்கு முன் வார்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டால் வீட்டில் சாப்பாட்டு நேரம் மிச்சம். துணி ஊறவைப்பது மாலைக்குத் தள்ளப்படுகிறது. வீட்டுக்குப் போகும் வழியில் கறுப்புக் கண்ணாடி, ஏனென்றால் காலை வெயில் ‘விடிந்துவிட்டது’ என்று மூளைக்குச் சொல்லிவிடும். 10 மணிக்குப் படுத்து 2.45க்கு எழுந்தால் 4 மணி 45 நிமிடம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, 5 முதல் 6.30 வரை இரண்டாம் தூக்கம். மொத்தம் 6 மணி 15 நிமிடம். குறை இரண்டரை மணியிலிருந்து 45 நிமிடமாக இறங்குகிறது. அந்த இரண்டாம் துண்டை யார் காப்பாற்றிக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். 5 மணி என்பது வீட்டில் காபி, வீட்டுப்பாடம், மாலைச் சமையல். கணவரோ மாமியாரோ அந்த ஒன்றரை மணி நேரத்தை ஏற்றுக்கொள்ளாவிட்டால் திட்டம் தாளோடு நிற்கும். அதனால் பயிற்சியின் முடிவில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வீட்டுக்குப் போக வேண்டும்: இந்தத் தேதிகளில் இந்த மணிகளில் இவரை எழுப்பக் கூடாது, நோயாளிகளின் பாதுகாப்பு இதில் இருக்கிறது. செவிலியர் தானே வாயால் கேட்பதைவிட இதற்கு வீட்டில் மதிப்பு அதிகம்.

முதல் நைட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். முன்னதாகப் பகலில் 2 முதல் 3.30 வரை ஒன்றரை மணி நேரம் தூங்கினால், அதிகாலை 4 மணிக்கு, கடைசியாக எழுந்து 22 மணி நேரம் என்பது பன்னிரண்டரை மணி நேரமாகிறது. இந்த முழுப் பயிற்சியிலும் ஒரே ஒரு பழக்கம்தான் மிஞ்சும் என்றால் இது மிஞ்சட்டும். செலவு எதுவும் இல்லை, ட்யூட்டி லிஸ்ட் முந்தின நாளே கையில் கிடைத்தால் போதும். கடைசி நேரத்தில் ‘இன்றைக்கு நைட் வாங்கம்மா’ என்று போன் செய்கிற இடத்தில் இது நடக்காது.

கறுப்புக் கண்கட்டும் காது அடைப்பானும் ஆளுக்கு ₹100 வீதம் 40 பேருக்கு ₹4,000.

அடுத்து டூட்டிக்குள் போடும் குட்டித் தூக்கம். இதில்தான் பணம் போகிறது, அதனால்தான் பலரும் பேசாமல் விடுகிறார்கள். நாசா ஓர் ஆய்வில் நீண்ட தூர விமானிகளுக்கு 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தது. அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம், செயல்திறன் 34 சதவீதம் கூடியது. வார்டில் 20 நிமிடத் தூக்கம் போதும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த மந்தம் நீண்ட நேரம் தங்கும். படுக்கச் சில நிமிடம், எழுந்து முகம் கழுவித் தெளிய 10 நிமிடம் சேர்த்து ஆளுக்கு 35 நிமிடம். எழுந்த முதல் கால் மணி நேரத்தில் இன்சுலின், ஹெப்பரின் போன்ற மருந்தைத் தொடக் கூடாது.

வார்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் படுத்தால் 30 நோயாளிக்கு ஒருவர். அந்த நேரத்தில் யாராவது மூச்சுத் திணறினால் தூங்குபவரும் எழுந்து ஓட வேண்டியதுதான். ஆகவே 9ஆவதாக ஒருவர், மாற்றி விடுவதற்கென்றே இரவுக்கு வேண்டும். இரவு 11.45 முதல் 5 மணி வரை 315 நிமிடம், 35ஆல் வகுத்தால் சரியாக 9 முறை: வார்டுக்காரர்கள் 8 பேர், மாற்றி விடுபவர் ஒருவர். ஒரு நேரத்தில் ஒருவரே படுப்பதால் ஓய்வறையில் ஒரு கட்டில் போதும். கட்டில், மின்விசிறி, திரைச்சீலை, மங்கல் விளக்கு, அலாரம் எல்லாம் சேர்த்து ஒருமுறைச் செலவு ₹12,000. மாற்றி விடுபவரின் கூலி 12 மணிக்கு ₹1,152, மாதம் 30 இரவுக்கு ₹34,560. இந்த வரியை அடித்துவிட்டால் மற்ற வரிகள் பாதிப் பயன்தான் தரும் என்று நினைக்கிறேன். ‘நேரம் கிடைத்தால் கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டால் நேரம் கிடைக்காது, கிடைத்தாலும் சாய்ந்தவர் மேல் பழி விழும்.

சாப்பாட்டுக்கு 15 நிமிடம் போதும். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சோறோ சப்பாத்தியோ, வயிறு நிறையும் சாப்பாடு வீட்டில் 6.45க்கே முடிந்துவிட வேண்டும். நள்ளிரவுக்கு முன் சிறு தட்டு ஒன்று. 1 மணிக்குப் பிறகு காலை வரை தண்ணீர் தவிர அதிகம் வேண்டாம். 2021இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில் 19 பேரை நைட் ஷிஃப்ட் போன்ற நிலையில் வைத்துப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது, சாப்பாட்டைப் பகலோடு நிறுத்தியவர்களுக்கு அப்படி ஏறவில்லை. 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை வைத்து 12 மணி நேரம் ஓடியாடும் ஒருவரைப் பட்டினி போட முடியாது. அதனால்தான் முழுச் சாப்பாடாக இல்லாமல் சிறு தட்டு.

தட்டில் ஓர் அவித்த முட்டை, 35 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல், 100 மில்லி தயிரில் கரைத்த நீர்மோர். முட்டையில் 6 கிராம், கடலையில் 7, தயிரில் 3 என ஏறக்குறைய 16 கிராம் புரதம். முட்டை ₹7, கடலை ₹4, தாளிப்பு, எரிபொருள் ₹3, தயிர் ₹8, செய்து கொண்டுவரும் கூலி ₹8, மொத்தம் ₹30. இரவுக்கு 9 தட்டு, 30 இரவு, ₹8,100. இது இல்லாத இடத்தில் இரவு 2 மணிக்கு என்ன நடக்கிறது என்று எந்த வார்டு அலமாரியைத் திறந்தாலும் தெரியும்: பிஸ்கட் பாக்கெட், மிக்சர், நோயாளியின் உறவினர் கொடுத்த இனிப்பு, கேன்டீன் டீ. ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 10 கிராம். நான்கு டீ என்றால் 40 கிராம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் செவிலியர் இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றக் கூடாது, தன் மருத்துவரிடம் மருந்து நேரத்தை மாற்றிக் கேட்ட பிறகுதான்.

காபிக்கும் கணக்கு உண்டு. உடலில் இருக்கும் காஃபினில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. ஒரு டம்ளரில் 100 மில்லிகிராம் என்று வையுங்கள். 5 மணிக்குக் குடித்தால் 10 மணிக்குப் படுக்கும்போது 50 மில்லிகிராம் இன்னும் ரத்தத்தில் ஓடும். 2 மணிக்குக் குடித்தால் 33 மட்டுமே. எனவே 2 மணியோடு காபி, டீக் கடையை மூடிவிட வேண்டும். 5 மணிக்குத் தலை சுற்றுகிறதே என்பவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர், பளிச்சென்ற விளக்கு, இரண்டு நிமிட நடை. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200 மில்லிகிராம்தான் எல்லை.

அடுத்த 25 நிமிடம் களைப்பின் அறிகுறிகளுக்கு. ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்று களைத்தவர் சொல்வதை நம்ப முடியாது, தூக்கம் குறைந்தவரின் சுயமதிப்பீடும் சேர்ந்தே கெடுகிறது. அதனால் வெளியில் தெரியும் அடையாளங்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும். 12 மணி தாண்டியும் சார்ட்டில் நேற்றைய தேதியை எழுதுவது. ஒரே பி.பி. அளவை இரண்டு முறை கேட்பது. 4 மணிக்கு ஏ.சி. இல்லாத வார்டிலும் குளிர்வது, வெப்பநிலை இறங்கியதால். துணைக்கு வந்த உறவினர் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவது. டிரிப் எண்ணும்போது எண்ணிக்கை விட்டுப்போவது. 500 மில்லியை 8 மணி நேரத்தில் ஏற்ற, மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 21 சொட்டு. ஒரு நிமிடம் முழுக்க எண்ண முடியாமல், எண்ணியது எட்டா ஒன்பதா என்று மூன்றாம் முறை தொடங்குகிறவரை எழுந்து நடக்கச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது காலை 6 மணி இன்சுலின். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு, இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு வேறு. 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் அது கால் மில்லி. குப்பி 100 யூனிட்டாக இருந்தால் உள்ளே போவது 25 யூனிட், எழுதிய அளவைப்போல இரண்டரை மடங்கு. தெளிந்த கண்ணுக்கு இது தெரியும், 24 மணி நேரம் விழித்த கண்ணுக்குக் கோடுகள் மட்டும்தான் தெரியும். பயிற்சியில் இரண்டு சிரிஞ்சையும் தண்ணீர் நிரப்பிய இரண்டு குப்பியையும் கையில் கொடுத்து இழுக்கவைத்துப் பார்க்க வேண்டும். இரவு 3 மணி முதல் 8 மணி வரை இன்சுலினை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே போட வேண்டும் என்பது விதியாக வேண்டும்.

அறிகுறிகளை எண்ணாக்கக் கரோலின்ஸ்கா தூக்க அளவுகோல் இருக்கிறது, 1 முதல் 9 வரை. 1 முழு விழிப்பு, 7 தூக்கம் வருகிறது, 8 விழித்திருக்கக் கொஞ்சம் முயல வேண்டியிருக்கிறது, 9 பெரும் பாடு. 12, 3, 5 மணிக்கு ஒவ்வொருவரும் ஒரு எண்ணைச் சிறு அட்டையில் எழுத வேண்டும். 7 என்றால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிக் கடின மருந்து வேலையை மாற்றிக்கொள்வது. 8 என்றால் வண்டி ஓட்டக் கூடாது. அட்டை அச்சிட ஆளுக்கு ₹10 வீதம் ₹400. அட்டையில் 8 எழுதியவரை மெமோ கொடுத்துத் திருத்த முயன்றால் அடுத்த நாளே எல்லோரும் 4 என்று எழுதத் தொடங்குவார்கள். அப்படி மெமோ கொடுப்பதில்லை என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

வண்டி பற்றிய கவலைக்குக் காரணம் உண்டு. 2016இல் அமெரிக்காவில் நைட் டூட்டி முடித்த 16 பேரை மூடிய தடத்தில் கார் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். 6 பேர் மோதும் நிலைக்குப் போனார்கள், 7 பேரின் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அவர்களே இரவு தூங்கிவிட்டு ஓட்டியபோது ஒன்றுமே நடக்கவில்லை. நம் செவிலியர் ஓட்டுவது காரும் இல்லை, ஸ்கூட்டர். இரவுக்கு ஒருவராவது 8 எழுதுவார் என்று வைத்து, போகவும் மறுமாலை திரும்பவும் ஆட்டோ ₹300, மாதம் ₹9,000. செலவு இல்லாத வழி, அதே ஓய்வறையில் 90 நிமிடம் படுத்துவிட்டுப் போவது.

கடைசி 10 நிமிடம் ட்யூட்டி லிஸ்ட்டுக்கு. மாதம் 270 நைட்டை 40 பேரால் வகுத்தால் ஆளுக்கு 6 அல்லது 7. இதை மூன்று மூன்றாகப் பிரிக்கலாம், காலை, மதியம், இரவு என்ற திசையில் சுற்றலாம், நைட் முடிந்த நாளையே ‘ஆஃப்’ என்று எழுதி ஏமாற்றாமல் அதற்குப் பிறகு இரண்டு முழு நாள் விடலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1977ஆம் ஆண்டுச் செவிலியர் பரிந்துரை இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே 12 மணி நேர ஓய்வு கேட்கிறது. 2004இல் 393 செவிலியர்களை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டிய டூட்டியில் பிழை நேரும் வாய்ப்பு மூன்று மடங்கானது. ஹேண்ட்ஓவர் 8.30 வரை இழுக்கும் வார்டு அந்த எல்லையை ஒவ்வொரு நாளும் தொடுகிறது. படுக்கையருகே நின்று 15 நிமிடத்தில் முடியும்படி ஹேண்ட்ஓவர் தாளைச் சுருக்குவதும் இந்தப் பயிற்சிக்குள்தான் வர வேண்டும்.

கூட்டிப் பார்ப்போம்.

ஒருமுறைச் செலவு
பயிற்சி நேரக் கூலி: ₹5,760
அட்டைகள்: ₹400
கண்கட்டு, காது அடைப்பான்: ₹4,000
ஓய்வறை: ₹12,000
மொத்தம்: ₹22,160

மாதச் செலவு
மாற்றி விடும் செவிலியர்: ₹34,560
சிறு தட்டு: ₹8,100
ஆட்டோ: ₹9,000
மொத்தம்: ₹51,660

மாதத் தொகையை 270 நைட்டால் வகுத்தால் ஒரு செவிலியரின் ஒரு நைட்டுக்கு ₹191. அதில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒன்பதாவது ஆளுக்கு. நிர்வாகம் பேரம் பேசினால் ஆட்டோவை விட்டுக்கொடுக்கலாம், ஓய்வறைக் கட்டில் அந்த வேலையைச் செய்யும். தட்டைக் கேன்டீனோடு பேசிக் குறைக்கலாம். ஒன்பதாவது ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது. நான்கு வார்டுக்கும் முடியாதென்றால் படுக்கை நிறைந்த இரண்டு வார்டுக்கு மட்டுமாவது தொடங்கலாம்.

மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்க வேண்டியவை மூன்று. மாதம் 270 குட்டித் தூக்க முறைகளில் எத்தனை உண்மையில் பயன்பட்டன. அதிகாலை 5 மணி அட்டைகளில் 7உம் அதற்கு மேலும் எத்தனை. பட்டியல் மாறி முந்தின நாளில் சொல்லாமல் நைட் போடப்பட்டவர்கள் எத்தனை பேர். முதல் எண் பாதிக்குக் கீழே இருந்தால் காரணத்தை வார்டு வாரியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் மாற்றி விடும் செவிலியரை அவசரப் பிரிவுக்கு இழுத்திருப்பார்கள்.